வெக்கேஷன் மறுபடியும் தள்ளிப்போகிறதா? தடையையும் தளர்ச்சியையும் பிரித்துப் பார்க்கும் முறை

என் கணவர் சவூதியில் உள்ள தம்மாமிலிருந்து இரண்டாவது முறையாக "இந்த வருடமும் வர முடியாது போலிருக்கிறது" என்று சொன்னபோது நான் பதினொரு நாள் தொலைபேசியை எடுக்கவில்லை. மனம் விட்டுப்போய்விட்டது என்று முடிவே கட்டியிருந்தேன். அவருடைய இகாமாவை, அதாவது அந்த நாட்டில் தங்குவதற்கான அட்டையை, நிறுவனம் எட்டு மாதமாகப் புதுப்பிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இகாமா காலாவதியானவர் ஊருக்கு வந்து திரும்புவதற்கான விசாவை எடுக்க முடியாது. அதைச் சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று அவர் மறைத்தார். மறைத்ததை நான் வேறு விதமாகப் படித்தேன்.

அன்றிலிருந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் இதே நிலையில் இருக்கும் பெண்களோடு உட்கார்ந்து பேசி வருகிறேன். கணவர் உண்மையிலேயே வர முடியாமல் இருக்கிறாரா, வர விரும்பாமல் இருக்கிறாரா என்று வீட்டிலிருந்தபடியே ஓரளவு தெளிவாகக் கண்டுகொள்ள வழி இருக்கிறது. பெரும்பாலும் சவூதியை வைத்தே எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

முதல் படி: தள்ளிப்போனவற்றை எழுதி வையுங்கள்

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். வருவதாகச் சொன்ன ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி. எந்த மாதம் வருவதாகச் சொன்னார், என்ன காரணத்தால் தள்ளினார், "முடியாது" என்று சொன்னது யார், அடுத்த தேதி கொடுத்தாரா. இந்த நான்கும் போதும். நினைவிலிருந்து எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் பின்னோக்கிப் போய், அவர் அனுப்பிய குரல் பதிவுகளையே கேட்டு எழுதுங்கள். நினைவில் எல்லாத் தள்ளிப்போடலும் ஒரே ஏமாற்றமாகத் திரண்டுவிடும். காகிதத்தில் அவை தனித்தனியாகத் தெரியும்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். எனக்குத் தங்கை போன்றவள். கணவர் தம்மாமில் ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் ஏசி டெக்னீஷியன். கடைசியாக 2022 மே மாதம் திரும்பிப் போனவர். 2024 டிசம்பர் இறுதியில், இலை எடைபோட்ட கணக்கு எழுதும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதியது நான்கு வரிகள்:

2023 மே. கோடைக் காலம், வேலை அதிகம் என்றார். சூப்பர்வைசர் விடவில்லை. டிசம்பரில் வருவதாகச் சொன்னார்.

2023 டிசம்பர். மாற்று ஆளுக்கு விசா வரவில்லை என்றார். நிறுவனம் விடவில்லை. மே மாதம் வருவதாகச் சொன்னார்.

2024 மே. தங்கை கல்யாணச் செலவு. டிக்கெட்டுக்குப் பதிலாகப் பணமாக வாங்கி அனுப்பிவிட்டார். டிசம்பரில் வருவதாகச் சொன்னார்.

2024 டிசம்பர். "பார்க்கலாம்." யார் விடவில்லை என்று சொல்லவில்லை. அடுத்த தேதியும் இல்லை.

எழுதி முடித்துவிட்டு அவளே சொன்னாள்: "அக்கா, நாலாவது வரி மட்டும் வேறு மாதிரி இருக்கிறது." அதற்கு முன் இரண்டு வருடமாக நான்கையும் ஒன்றாகவே எண்ணி அழுதிருந்தாள்.

இரண்டாம் படி: ஒவ்வொரு காரணத்தையும் அங்குள்ள நடைமுறையோடு உரசிப் பாருங்கள்

உண்மையான தடைக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. அதைப் போட்டவர் ஒருவர் இருப்பார். அதற்கு ஒரு தாளோ, திரையில் தெரியும் ஒரு பதிவோ இருக்கும். அது முடியும் காலமும் தெரியும். இதைக் கணவரிடம் கேட்கும் முன், உங்களுக்கே நடைமுறை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பொய்யை நம்புவீர்கள், அல்லது உண்மையைச் சந்தேகிப்பீர்கள்.

சவூதி தொழிலாளர் சட்டப்படி ஆண்டுக்கு 21 நாள் சம்பளத்தோடு விடுப்பு. அதே நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தால் 30 நாள். விடுப்புச் சம்பளத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். வேலை நெருக்கடி என்றால் நிறுவனம் விடுப்பை 90 நாள் வரை தள்ளலாம். அதற்கு மேல் தள்ள வேண்டுமென்றால் தொழிலாளியின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். ஆகவே ஒரு முறை மூன்று மாதம் தள்ளிப்போனால் அது இயல்பு. "கம்பெனி இரண்டு வருடமாகத் தள்ளுகிறது" என்றால் ஒன்று நிறுவனம் சட்டத்தை மீறுகிறது, அல்லது அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் டிக்கெட் தருகின்றன. முதல் ஆண்டில் வர வேண்டுமென்றால் டிக்கெட் கைக்காசு. இதையும் கணக்கில் வையுங்கள்.

ஊர் வந்து திரும்ப, எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 ரியால், அதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரியால். இகாமா செல்லுபடியாக இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டில் காலம் மிச்சம் இருக்க வேண்டும், போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கக் கூடாது. 2021 மார்ச் முதல் தனியார் நிறுவனத் தொழிலாளர்கள் இதை அப்ஷிர் செயலி வழியாகத் தாங்களே கேட்கலாம். வீட்டு டிரைவர், வீட்டு வேலையாள், தோட்ட வேலையாள் ஆகியோருக்கு இது பொருந்தாது. அவர்கள் முதலாளியான கஃபீல் அனுமதித்தால்தான் வர முடியும். அவர்களுக்கு விடுப்பும் இரண்டு ஆண்டுக்கு ஒரு மாதம்தான். வீட்டு டிரைவராக இருப்பவர் "அரபாப் விடவில்லை" என்றால் பெரும்பாலும் அது அப்படியே உண்மை. நிறுவனத்தில் இருப்பவர் அதையே வருடக்கணக்கில் சொன்னால் மேலும் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி அந்தத் தங்கையின் நான்கு வரிகளுக்கு வருவோம். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்குக் கோடைதான் உயிர்போகும் வேலை. மே முதல் செப்டம்பர் வரை அவர்களுக்கு விடுப்பு கிடைப்பது மிகக் கடினம். இவளோ பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் ஒவ்வொரு வருடமும் மே மாதத்தையே கேட்டிருக்கிறாள். முதல் தடவை தள்ளிப்போனதில் பாதி காரணம், கேட்ட மாதமே தவறு. மலையில் சனவரி முதல் மார்ச் வரை உறைபனிக்கும் வறட்சிக்கும் இலை குறைவு. அவளும் ஓய்வாக இருப்பாள், அங்கேயும் ஏசி வேலை தளர்ந்திருக்கும். இரண்டு பேருக்கும் பொருந்தும் காலம் அதுதான் என்று இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை. நான் பார்த்த குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. எண்ணெய் ஆலையில் இருப்பவருக்கு, பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் மாதத்தில் விடுப்பு கிடையாது. கடையில் இருப்பவருக்கு ரம்ஜான், பெருநாள் சமயத்தில் கிடையாது. அவருடைய வேலைக்கு எந்த மாதம் தளர்வு என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வரி: மாற்று ஆள் வரவில்லை என்பது சரிபார்க்கக் கூடியது. அவருடன் அதே அறையில் இருப்பவர் குன்னூர்க்காரர். அவர் மனைவியும் அதையே சொல்லியிருந்தாள். மூன்றாவது வரிக்குச் சான்று வங்கிக் கணக்கிலேயே இருந்தது. ஆக மூன்று முறை உண்மையான தடை. நான்காவதுதான் பேச வேண்டியது.

மூன்றாம் படி: மறைத்த சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

எல்லோரும் தடை, தளர்ச்சி என்று இரண்டையே பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நான் கண்ட வரையில் அதுதான் அதிகம். இகாமா காலாவதி, சம்பள பாக்கி, வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று நிறுவனம் போட்ட புகார், அறைக்குள் வாங்கிய கடன், கேம்பில் எடுத்துவிட்ட சீட்டு. இவற்றில் எதையும் ஆண்கள் எளிதில் வீட்டில் சொல்லமாட்டார்கள். வெட்கம். வெட்கத்தில் இருப்பவரும் மனம் விலகியவரும் வெளியே ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். அழைப்பு குறையும், பதில் மழுப்பலாக இருக்கும், எரிச்சல் வரும், தேதி கேட்டால் பேச்சு மாறும்.

பிரித்துப் பார்க்க முதலில் பணத்தைக் கவனியுங்கள். எவ்வளவு வருகிறது என்பதைவிட, எந்த மாதத்திலிருந்து எப்படி மாறியது என்பது முக்கியம். இந்தத் தங்கைக்கு மாதம் 35,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து 13,000. அதுவும் சரியாக அதே தொகை, மாதம் தவறாமல். மனம் மாறியவர் அனுப்பும் பணம் இப்படி ஒரே அளவில் இறங்கி அங்கேயே நிற்பது அரிது. மாதம் ஆயிரம் ரியால் எங்கோ ஒழுங்காகப் போகிறது என்பதைத்தான் அது காட்டியது. சம்பளமே வராதவர் என்றால் ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது, பிறகு மொத்தமாக வரும்.

அடுத்தது அவர் நடமாட்டம். அறையை விட்டு வெளியே வராதவர், வேலை இடத்தைக் காட்டாதவர், எண்ணை மாற்றியவர் என்றால் தாள்களில் சிக்கல் இருக்கலாம். இப்படித் தோன்றினால் கோபத்தை ஒதுக்கிவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இகாமா எந்தத் தேதி வரை இருக்கிறது?" அப்ஷிரில் தேதி தெரியும், ஒரு படம் எடுத்து அனுப்ப அரை நிமிடம் ஆகாது. காலாவதி ஆகியிருந்தால் அவர் அங்குள்ள தூதரகத்தில் முறையிடலாம், வெளியுறவுத் துறையின் MADAD இணையதளத்தில் நீங்களும் இங்கிருந்தே புகார் பதியலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையும் இத்தகைய மனுக்களை வாங்குகிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அவருடைய மேலாளரையோ நிறுவனத்தையோ நீங்களே அழைத்து விசாரிக்காதீர்கள். அவர் அங்கே என்ன சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு அழைப்பில் வேலையே போகலாம். அவர் செல்பேசிக்குள் நுழைந்து பார்க்கவும் முயல வேண்டாம்.

நான்காம் படி: தளர்ச்சி எதில் தெரியும்

தினமும் அழைக்கிறாரா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்து தூங்கிவிடுபவர்கள் உண்டு. தினம் அரை மணி நேரம் பேசிக்கொண்டே மனத்தால் விலகியவர்களும் உண்டு. பணம் ஒழுங்காக வருவதும் சான்றாகாது. கடமை என்று அனுப்பிவிட்டு வேறு வாழ்க்கை வாழ்பவரைப் பார்த்திருக்கிறேன்.

நான் பார்ப்பது வேறு. தடையில் மாட்டியவர் அந்தத் தடையோடு மல்லுக்கட்டுவார். மே கிடைக்கவில்லை என்றால் பிப்ரவரி கேட்பார், முப்பது நாள் இல்லை என்றால் பதினைந்து நாளாவது வரப் பார்ப்பார், டிக்கெட் விலையை விசாரிப்பார். வர முடியாததில் உங்களைவிட அவருக்கு வருத்தம் அதிகமாக இருக்கும். மனம் தளர்ந்தவர் ஒரு வழி அடைபட்டதும் நிம்மதி அடைவார். நீங்கள் மாற்று வழி சொன்னால் அதற்கும் ஒரு காரணம் சொல்வார். ஒரு தடை விலகியதும் அடுத்தது முளைக்கும். கூடவே வீட்டு முடிவுகளிலிருந்து ஒதுங்குவார். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, கூரைத் தகரம் மாற்றுவதா, அம்மாவுக்கு எந்த மருத்துவர் என்று கேட்டால் "உனக்கு எது சரியோ அதைச் செய்" என்பார். முதலில் அது நம்பிக்கை போலத் தெரியும். ஓராண்டு கழித்துத்தான் அது ஒதுக்கம் என்று புரியும்.

கூடலூர்ப் பக்கம் ஒரு பெண். கணவர் சார்ஜாவில். அங்கே ஓராண்டு முடித்தவருக்கு 30 நாள் விடுப்பு, கோவைக்கு நேர் விமானம் உண்டு. மூன்று ஆண்டு வரவில்லை. ஓணத்துக்கு வர முடியாது என்றார், சரி. பொங்கலுக்கு? அப்போதும் முடியாது. நீங்கள் பத்து நாள் மட்டும் வாருங்கள், டிக்கெட் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தாள். "என்னை அவசரப்படுத்தாதே" என்பதுதான் பதில். அதே ஆண்டு அவர் நண்பர்களோடு விடுப்பில் வேறு நாட்டுக்குச் சுற்றுலா போன படங்கள் வெளியே வந்தன. அங்கே தடை எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: கேட்க வேண்டிய விதம்

வெள்ளிக்கிழமை சவூதியில் வார விடுமுறை. அங்கே நேரம் இரண்டரை மணி பின்னால். நம் இரவு ஒன்பது என்றால் அவருக்கு மாலை ஆறரை. அந்த நேரத்தில், மாமியாரும் பிள்ளைகளும் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். அவரும் அறைக்கு வெளியே வந்து தனியாகப் பேசும்படி முன்னரே சொல்லிவிடுங்கள். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒருவர் உண்மையைச் சொல்ல முடியாது.

"எப்போது வருவீர்கள்?" என்று தொடங்காதீர்கள். நூறு முறை கேட்டுத் தேய்ந்த கேள்வி அது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உண்மை என்று நீங்கள் நம்பும் தடைகளை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அந்தத் தங்கை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"என்னங்க, முதல் மூன்று தடவை உங்களால் வர முடியாமல் போனது எனக்குப் புரிகிறது. நான் மே மாதமே கேட்டது என் தவறு. இந்த டிசம்பர் மட்டும் எனக்குப் புரியவில்லை. நிறுவனம் விடவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா? கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். நான் சண்டை போடமாட்டேன். ஆனால் தெரிந்தாக வேண்டும்."

பிறகு பேசாமல் இருந்தாள். அதுதான் கடினம். அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததாம். ஒரு நிமிடம் கழித்து அவர் சொன்னார்: "நான் கேட்கவே இல்லை."

கேம்பில் பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் ரியால் சீட்டு. ஆகஸ்டில் தொடங்கியது. கல்யாணக் கடனை அடைக்க அக்டோபரிலேயே பத்தாயிரத்தையும் எடுத்துவிட்டார். 2025 மே வரை கட்ட வேண்டும். சீட்டு எடுத்தவர் பாக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போகக் கூடாது, ஜாமீன் வேண்டும். இனிமேல் சீட்டில் சேரமாட்டேன் என்று மனைவிக்குச் சத்தியம் செய்திருந்தவர் என்பதால் சொல்ல வாய் வரவில்லை. அத்தோடு இன்னொன்றையும் சொன்னார். வெறுங்கையோடு வந்தால் சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்க்க முடியாது, வராமல் இருப்பதே எளிதாகப் பழகிவிட்டது என்றார். அவளுக்குச் சீட்டைவிட அந்தக் கடைசிச் சொல்தான் வலித்தது. அது நியாயமான வலி. தடையும் தளர்ச்சியும் இப்படிக் கலந்துதான் பெரும்பாலும் இருக்கின்றன. வராமல் இருப்பது பழகிப்போவதுதான் தளர்ச்சியின் தொடக்கம். அதை அவர் தானாகச் சொன்னதால் இன்னும் இடம் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் படி: சொல்லை விட்டுச் செயலுக்கு ஒரு தேதி வையுங்கள்

உருக்கமாகப் பேசிய பிறகு எல்லோரும் "வந்துவிடுகிறேன்" என்பார்கள். அதை எண்ணாதீர்கள். நான்கு வாரத்துக்குள் நடக்கக்கூடிய, கண்ணால் பார்க்கக்கூடிய சிறு வேலைகளைக் கேளுங்கள். முதல் வாரத்தில் விடுப்பு விண்ணப்பம், அதன் படம். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நிறுவனத்தின் பதில். சம்மதம் என்றால் அந்த வாரமே டிக்கெட். மறுத்தால், எந்த மாதம் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குவது. "நம்பிக்கை இல்லையா?" என்று அவர் கேட்கலாம். "இருக்கிறது, ஆனால் இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகிவிட்டது" என்றால் போதும்.

அவர் மறுப்புக் கடிதத்தையே அனுப்பினாலும் அது நல்ல பதில். கேட்டிருக்கிறார் என்று பொருள். விண்ணப்பமே போடாமல் நான்கு வாரம் கழிந்தால், ஒரே ஒருமுறை நேராகக் கேளுங்கள்: "இந்தக் குடும்பத்தில் இருக்க விரும்புகிறீர்களா?" அதன் பிறகு காத்திருப்பதில் பயனில்லை, உங்களையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தொடங்குங்கள். உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு, அவருடைய பாஸ்போர்ட், இகாமா நகல், பணம் அனுப்பிய கணக்கு விவரம், திருமணப் பதிவு, உங்கள் பெயரில் வாங்கிய கடன்களின் பட்டியல் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பராமரிப்புத் தொகை கேட்டு நீங்கள் வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே மனுப்போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு 2024 சூலை முதல் புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவு. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாத பெண்களுக்கு உதகையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். கூடலூர்ப் பெண் அங்கேதான் போனாள். மிரட்டலோ அடியோ ஏற்கனவே இருந்திருந்தால் இந்தப் படிகளுக்கெல்லாம் காத்திருக்காமல் 181-ஐ அழையுங்கள்.

கோத்தகிரித் தங்கைக்கு என்ன நடந்தது என்றால், சனவரி 10 அன்று விண்ணப்பம் போட்ட படம் வந்தது. 17 அன்று சம்மதம். விடுப்புச் சம்பளம் முன்கூட்டியே வந்ததால் பிப்ரவரி, மார்ச் மாதச் சீட்டுப் பணத்தை முன்னதாகக் கட்டினார். மீதிக்குக் குன்னூர்க்காரர் ஜாமீன் நின்றார். சொந்தக்காரர்களுக்குப் பெட்டி கட்டி வரவேண்டாம் என்று இவள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். மாமியாரிடமும் அவளே பேசிவிட்டாள். பிப்ரவரி 5 அன்று சென்னையில் இறங்கி, இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, மறுநாள் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் வந்து நின்றார். கையில் ஒரு சிறு பை.

இருபத்து நான்கு நாள் இருந்தார். கிளம்புவதற்கு முந்தைய இரவு அவள் அந்த நோட்டை அவர் முன்னால் வைத்தாள். ஐந்தாவது வரியை அவரே எழுதினார்: 2026 சனவரி. விண்ணப்பம் போட வேண்டிய நாள் நவம்பர் 1. தடுத்தால் யார், எந்தத் தாள் என்பதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.